எதிர்பார்த்த சம்பளம் வராதபோது

வேலை கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் பலருக்கு ஆஃபர் கடிதத்தின் முதல் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. முதல் பக்கத்தில் வாழ்த்து இருக்கிறது. இரண்டாவது பக்கத்தில் சம்பளம் இருக்கிறது. மனத்தில் நினைத்திருந்தது ஒரு தொகை, தாளில் இருப்பது வேறொரு தொகை. "மூன்று நாட்களுக்குள் சம்மதம் தெரிவிக்கவும்" என்று கீழே ஒரு வரி வேறு.

இந்த இடத்தில் மனிதர்கள் மூன்று விதமாக நடந்துகொள்கிறார்கள். ஒருவர் வாய் திறவாமல் கையெழுத்துப் போடுகிறார். ஆறு மாதம் கழித்துப் பக்கத்து நாற்காலிக்காரரின் சம்பளம் காதில் விழுந்ததும் மனம் புழுங்குகிறார். இன்னொருவர் ரோஷப்பட்டு வேண்டாம் என்று எழுதிவிடுகிறார். மூன்றாமவர் தைரியசாலி, தொலைபேசியை எடுத்து, "இன்னும் ஒரு லட்சம் சேர்த்துக் கொடுத்தால் வருகிறேன்" என்கிறார். மறுமுனையில் "முடியாது" என்று பதில் வந்ததும் அவருக்கு அடுத்த வார்த்தை கிடைப்பதில்லை.

இந்த மூன்றையும்விட உருப்படியான நான்காவது வழி ஒன்று உண்டு. தமக்கு எது முதலில் முக்கியம், எது அடுத்தது என்பதை வரிசைப்படுத்திச் சொல்வது, சொல்லிவிட்டு, "இவற்றில் உங்களால் எங்கே இடம் கொடுக்க முடியும்?" என்று கேட்பது. கேட்பதற்கு மிகச் சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கேள்வி எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு கணக்கோடு பார்த்தால்தான் விளங்கும்.

ஐம்பத்தைந்து நாற்பத்திரண்டு ஆன கதை

விளக்கத்துக்காக ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளலாம். ஓசூரில் கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை இன்ஜினீயர். ஆறு வருஷ அனுபவம். மாதம் 37,000 ரூபாய் கைக்கு வருகிறது. கோயமுத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனி அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஊரில் இருக்கும் தாய் தந்தையரைக் கோவைக்கு அழைத்துவந்து உடன் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய உத்தேசம். தந்தைக்குச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உண்டு. நேர்முகத்தில் அவர் கேட்டது வருஷத்துக்கு 7,50,000 ரூபாய். கடிதத்தில் வந்ததோ 6,60,000.

அவர் முதலில் செய்ய வேண்டிய காரியம் வருத்தப்படுவதல்ல. பென்சிலை எடுத்து அந்தத் தொகையைப் பிரிப்பதுதான். 'சி.டி.சி.' என்று கடிதங்களில் வரும் தொகை கைக்கு வரும் சம்பளம் அல்ல. ஓர் ஊழியருக்காகக் கம்பெனி வருஷத்தில் செய்யும் மொத்தச் செலவின் கணக்கு அது. அந்த 6,60,000 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 55,000. ஆனால் அதில் 5,000 வருஷக் கடைசியில், கம்பெனியின் லாபத்தையும் ஊழியரின் மதிப்பெண்ணையும் பார்த்துக் கொடுக்கப்படும் மாறும் ஊதியம். அது முழுதாக வரலாம், பாதி வரலாம், வராமலும் போகலாம். அடிப்படைச் சம்பளம் 25,000. அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் கம்பெனி தன் பங்காகச் செலுத்தும் பி.எப். 3,000. ஊழியர் பங்காக அதே 3,000 சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும். பணிக்கொடைக்காக, அதாவது கிராஜுவிட்டிக்காக, ஒதுக்குவது சுமார் 1,200. மருத்துவ இன்ஷூரன்ஸ் பிரீமியம் சுமார் 800. இவற்றையெல்லாம் கழித்தால் மாதா மாதம் கைக்கு வருவது 42,000.

பி.எப். பணம் வீணாவதில்லை, அது அவருடைய சேமிப்புதான். ஆனால் வீட்டு வாடகைக்கு அதைக் கொடுக்க முடியாது. நிரந்தர ஊழியருக்குக் கிராஜுவிட்டி பொதுவாக ஐந்து வருஷம் வேலை பார்த்த பிறகே கிடைக்கும். ஆகவே அவர் பேசப் போவது 6,60,000-ஐப் பற்றி அல்ல, இந்த 42,000-ஐப் பற்றி. புது வீட்டு வாடகை, பெற்றோர் செலவு, மருந்து எல்லாம் கூட்டிப் பார்த்தால் அவருக்கு 45,000-க்குக் குறைந்தால் கட்டுப்படியாகாது.

வரிசை ஏன் வேண்டும்?

பணம் மட்டும்தானா பிரச்னை என்று யோசித்தால் இன்னும் இரண்டு விஷயங்கள் வெளியே வருகின்றன. பழைய கம்பெனியில் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துத்தான் விலக வேண்டும். புதிய கம்பெனியோ ஒரே மாதத்தில் வரச் சொல்கிறது. குறைகிற முப்பது நாளுக்குப் பழைய கம்பெனி ஒரு மாதச் சம்பளத்தை, சுமார் 40,000 ரூபாயை, கடைசிக் கணக்கில் பிடித்துக்கொள்ளும். அடுத்தது, புதிய கம்பெனியின் மருத்துவ இன்ஷூரன்ஸ் அவருக்கு மட்டும்தான். பெற்றோர் அதில் இல்லை.

ஆக, அவருக்கு வேண்டியவை மூன்று. முதலாவது, மாதா மாதம் நிச்சயமாக வரும் தொகை. இரண்டாவது, நோட்டீஸினால் ஏற்படும் 40,000 நஷ்டம். மூன்றாவது, பெற்றோருக்கு மருத்துவக் காப்பு. 7,50,000 என்ற ஒற்றைத் தொகைக்குள் இந்த மூன்றும் ஒளிந்துகொண்டிருந்தன. அந்தத் தொகையை மட்டும் அவர் திருப்பித் திருப்பிச் சொன்னால், அதற்குள் என்ன இருக்கிறது என்பது எதிரே இருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

பேரம் பேசும் கலையை ஆராய்ந்தவர்கள் விரும்பிச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அமெரிக்கரான மேரி பார்க்கர் ஃபாலட் என்ற அம்மையார் 1925-ல் தம்முடைய சொற்பொழிவு ஒன்றில் அதைக் குறிப்பிட்டார். ஹார்வர்டு நூலகத்தில் ஒரு சிறிய அறை. அங்கே இருந்த ஒருவர் ஜன்னலைத் திறக்க விரும்பினார். அம்மையாருக்கோ அது மூடியிருக்க வேண்டும். பாதி திறந்து வைத்திருந்தால் இருவருக்கும் பாதி வருத்தம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஆள் இல்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். ஒருவருக்கு வேண்டியது காற்று, அது கிடைத்தது. அம்மையாருக்கு வேண்டியது வாடைக்காற்று நேரே தம்மீது வீசாமல் இருப்பது; அதுவும் கிடைத்தது. ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981-ல் வெளியிட்ட பிரபல நூலில் இந்த நிகழ்ச்சியைக் கையாண்ட பிறகு அது உலகம் முழுவதும் பரவியது.

"ஏழரை லட்சம் வேண்டும்" என்பது "ஜன்னலைத் திற" என்பது போல. "மாதம் கைக்கு 45,000 வர வேண்டும், நோட்டீஸ் பணம் கைவிட்டுப் போகக் கூடாது" என்பது காற்று வேண்டும் என்பது போல. இரண்டாவது விதமாகச் சொன்னால்தான் பக்கத்து அறை யாருக்காவது நினைவுக்கு வரும்.

கம்பெனியின் பல பைகள்

கம்பெனியில் பக்கத்து அறைகள் நிறைய இருக்கின்றன. மாதச் சம்பளம் ஒரு பையிலிருந்து வருகிறது. அதற்கு ஒவ்வொரு பதவித் தரத்துக்கும் கீழ் எல்லை, மேல் எல்லை உண்டு. அதே அனுபவத்தோடு ஏற்கெனவே இருப்பவர்களைவிடப் புதிதாக வருபவருக்கு அதிகம் கொடுத்தால் உள்ளே சலசலப்பு எழும் என்ற பயமும் உண்டு. ஆகவே அந்தப் பையின் வாய் இறுக்கமாகக் கட்டியிருக்கும். ஒரே ஒரு முறை கொடுக்கும் சேர்க்கைத் தொகை வேறொரு பை. அது ஒரு தடவையோடு தீர்ந்துவிடும். அடுத்த வருஷச் சம்பள உயர்வில் தலைகாட்டாது. சகாக்களின் சம்பளப் பட்டியலையும் கலைக்காது. எனவே அது சற்று எளிதாகத் திறக்கும். சேரும் தேதி, சம்பள மறுபரிசீலனை நாள் ஆகியவை பணமே இல்லாத பைகள்.

எந்தப் பையில் இடம் இருக்கிறது என்பது எச்.ஆர். அதிகாரிக்குத் தெரியும். வேலைக்கு வருபவருக்குத் தெரியாது. தெரியாத ஒருவர் தொகையைச் சொன்னால் ஆம், இல்லை என்ற இரண்டு பதில்களே சாத்தியம். "எங்கே இடம் இருக்கிறது?" என்று கேட்டால் பதிலாக ஏதேனும் ஒரு செய்தி வந்தே தீரும். அந்தச் செய்திதான் அடுத்த படி.

ஆனால் வரிசையைச் சொல்லாமல் வெறுமனே "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்றால், அவர்களுக்கு எது சுலபமோ அதைக் கொடுத்துவிடுவார்கள். பதவிப் பெயரில் 'சீனியர்' என்று ஒரு வார்த்தை சேரும். வாடகைக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. ஆகையால் முதலில் வரிசை, பிறகு கேள்வி.

பேசும் முறை

கடிதம் வந்த அன்றே பதில் சொல்ல வேண்டியதில்லை. நன்றி தெரிவித்து, "நாளை மறுநாள் பத்து நிமிஷம் பேச முடியுமா?" என்று கேட்டு நேரம் வாங்கிக்கொள்ளலாம். பேச்சு தொலைபேசியில் நடப்பது நல்லது. முடிந்த பிறகு பேசியவற்றை மின்னஞ்சலில் எழுதி அனுப்ப வேண்டும். அந்தப் பெண்ணின் பேச்சு இப்படி அமையலாம்:

"வணக்கம் சார். உங்கள் கடிதம் கிடைத்தது, ரொம்ப நன்றி. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. சேர வேண்டும் என்றுதான் பேசுகிறேன். ஆனால் சம்பளம் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கிறது. எனக்கு முக்கியமானவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, மாதம் கைக்கு வருவது. கணக்குப் பார்த்தால் 42,000 வருகிறது. பெற்றோரை அழைத்து வருவதால் எனக்கு 45,000 தேவைப்படுகிறது. இரண்டாவது, ஒரு மாதத்தில் சேர்ந்தால் நோட்டீஸ் பணம் 40,000 என் கையைவிட்டுப் போகிறது. மூன்றாவது, பெற்றோருக்கு இன்ஷூரன்ஸ். இந்த மூன்றில் உங்களால் எங்கே இடம் கொடுக்க முடியும் சார்?"

இதன் பிறகு அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பேசாமல் இருப்பது. பலர் இந்த இடத்தில்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். மறுமுனையில் ஐந்து விநாடி மௌனம் நிலவியதும் பயந்துபோய், "முடியாவிட்டாலும் பரவாயில்லை சார்" என்று தாமே விடையும் சொல்லிவிடுகிறார்கள்.

அவர் பொறுத்திருந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். அதிகாரி சொல்கிறார்: "மொத்தத் தொகையை உயர்த்துவது கஷ்டம்ங்க. அந்த கிரேடில் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் இதே அளவுதான்."

இங்கேதான் இரண்டாவது கேள்வி வேண்டும். "இது அந்த கிரேடின் உச்ச வரம்பா சார், அல்லது இந்த வருஷ பட்ஜெட்டா?" உச்ச வரம்பு என்றால் கிரேடை மாற்றினாலொழிய வழியில்லை. பட்ஜெட் என்றால் காலம் மாறும்போது அதுவும் மாறும். மறுபரிசீலனைக்கு ஒரு தேதி கேட்கலாம். "பட்ஜெட்தான்" என்று பதில் வருகிறது. "அப்படியானால் மொத்தத் தொகை அப்படியே இருக்கட்டும். மாறும் ஊதியம் 60,000 இருக்கிறதே, அதில் ஒரு பகுதியை மாதச் சம்பளத்துக்கு மாற்ற முடியுமா?"

"அதை மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்கிறார் அதிகாரி. இந்த வார்த்தை காதில் விழுந்தால் கதவு பூட்டியில்லை, சாத்தித்தான் இருக்கிறது என்று அறியலாம். கேட்ட மாத்திரத்தில் காரணத்தோடு வரும் மறுப்பு பெரும்பாலும் விதி. "கேட்டுச் சொல்கிறேன்" என்பது ஒருவருடைய தீர்மானத்துக்கு உட்பட்ட விஷயம்.

கிடைத்தது என்ன?

இரண்டு நாளில் பதில் வருகிறது. மாறும் ஊதியத்தில் 36,000 ரூபாய் மாதப் படியாக மாற்றப்படும். ஆகவே மாதம் 3,000 கூடுதல், கைக்கு 45,000. அடிப்படைச் சம்பளம் மாறாததால் பி.எப். கணக்கும் மாறவில்லை. சேரும் தேதியைத் தள்ள இயலாது. புதிய பரிசோதனைக் கூடம் அந்த மாதம் திறக்கிறது. அதற்குப் பதில் சேர்க்கைத் தொகையாக 40,000 தருகிறார்கள். ஒரு வருஷத்துக்குள் விலகினால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பெற்றோருக்கு இலவசக் காப்பு இல்லை. ஆனால் கம்பெனியின் குழு இன்ஷூரன்ஸில், பிரீமியத்தைத் தாமே கட்டி, அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது பதிலைக் குறைவாக எண்ணிவிடக் கூடாது. தனியாக பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்ல இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு உரிமை உண்டு. பல குழு பாலிசிகளில் முதல் நாளிலிருந்தே அவற்றுக்கும் காப்பு உண்டு. இந்த பாலிசியில் உண்டா என்பதைக் கேட்டு, எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரீமியம் மாதம் 1,500 ஆகுமென்றால் கையில் மிஞ்சுவது 43,500. அது கட்டுப்படியாகுமா என்பதை இப்போது அவரே தீர்மானிக்கலாம். அவரவர் வீட்டுக் கணக்கு அவரவருக்கே தெரியும்.

முதல் வருஷத்தின் நிச்சய வருமானத்தைக் கூட்டிப் பார்க்கலாம். பழைய கடிதப்படி 42,000 வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 5,04,000. அதில் நோட்டீஸ் நஷ்டம் 40,000 போக 4,64,000. புதிய கடிதப்படி 5,40,000. நோட்டீஸ் நஷ்டத்துக்கும் சேர்க்கைத் தொகைக்கும் சரியாகப் போயிற்று. வித்தியாசம் 76,000 ரூபாய். இதில் 36,000 புதிதாக வந்த பணம் அல்ல. வருமோ வராதோ என்று தொங்கிக்கொண்டிருந்தது உறுதியாயிற்று, அவ்வளவுதான். கம்பெனி உண்மையில் கூடுதலாகக் கொடுத்தது 40,000. கடிதத்தின் தலைப்பில் இருந்த 6,60,000 கடைசி வரை அசையவே இல்லை.

எங்கே தவறிப் போகும்?

வேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்பது முதல் தவறு. சம்பளத்தை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு, மறுநாள் நோட்டீஸ் பணம், அதற்கு மறுநாள் இன்ஷூரன்ஸ் என்று போனால், இவருக்கு முடிவே இல்லை என்று எதிரே இருப்பவர் அலுத்துப் போவார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில், வரிசையோடு வைத்துவிட வேண்டும். அதிலும் மூன்றுக்கு மேல் போனால் எதுவும் முக்கியமில்லை என்று ஆகிவிடும்.

இல்லாத வேறொரு ஆஃபரை இருப்பதாகச் சொல்வது இரண்டாவது தவறு. "அந்தக் கடிதத்தை அனுப்புங்கள்" என்று ஒரு வார்த்தை கேட்டால் வேலையே போய்விடும்.

மூன்றாவது தவறு, சம்மதம் எழுதிக் கொடுத்த பிறகு பேச ஆரம்பிப்பது. சம்மதத்துக்கு முன் மரியாதையாகக் கேட்ட கேள்விக்காக ஆஃபரைத் திரும்பப் பெறும் கம்பெனிகள் அரிது. சம்மதித்த பின் கேட்டால் அது வாக்குத் தவறியதாகவே படும்.

வாய் வார்த்தையை நம்பிவிடுவதும் உண்டு. "ஆறு மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்ன அதிகாரி ஐந்தாம் மாதத்தில் வேறு ஊருக்குப் போய்விடலாம். மறுபரிசீலனை உண்டென்றால் எந்தத் தேதியில், எதைப் பார்த்து என்பது கடிதத்தில் இருக்க வேண்டும். சேர்க்கைத் தொகை என்றால் எந்த மாதச் சம்பளத்தோடு வரும், எப்போது திருப்பித் தர வேண்டும் என்பதும் இருக்க வேண்டும்.

கேட்டே பயனில்லாத இடங்களும் இருக்கின்றன. அரசாங்க உத்தியோகத்தில் சம்பளம் அட்டவணைப்படிதான். தேர்வெழுதிப் போகும் பாங்கு வேலையும் அப்படியே. கல்லூரி வளாகத் தேர்வில் நூறு பேரை ஒரே தொகைக்கு எடுக்கும்போது ஒருவருக்காக அது மாறுவது அபூர்வம். அங்கெல்லாம் சேரும் தேதி, வேலை பார்க்கும் ஊர் போன்றவற்றைத்தான் கேட்டுப் பார்க்கலாம். எல்லாம் கேட்ட பிறகும் முதல் தேவையே நிறைவேறவில்லை என்றால், நன்றி சொல்லி விலகுவதும் ஒரு முடிவுதான். எந்தத் தொகைக்குக் கீழே போக முடியாது என்பதைப் பேசுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வைத்திருப்பவருக்கு அந்த முடிவு சுலபமாக வரும்.

கடைசியாக ஒன்று. திருத்திய கடிதம் கைக்கு வந்து, பேசியவை எல்லாம் அதில் இருக்கின்றனவா என்று வரி வரியாகப் பார்த்து, சம்மதம் அனுப்பிய பிறகுதான் பழைய கம்பெனியில் ராஜினாமாக் கடிதத்தை நீட்ட வேண்டும். அதற்கு முன்னால் நீட்டிவிட்டால், கேட்பதற்கு வாய் இருந்தும் பேரத்துக்கு பலம் இராது.